ஏசுபாதத்தின் புது டிவியில் வளைந்த கோடு

டிவியைச் சுவரில் மாட்ட வந்த ஆள் பிளக்கைச் சொருகிவிட்டு ரிமோட்டைத் தேடிய அந்த நிமிடத்திலேயே கரண்ட் போய்விட்டது. இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ராபர்ட்சன்பேட்டையில் இன்னும் மூன்று வீடு பாக்கி. மீதி எல்லாம் ஸ்கிரீனே சொல்லும், நீங்களே செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் தெரு முனை திரும்பும் முன்பே கரண்ட் வந்தது.

ஏசுபாதம் வாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்தார். வண்டி போய்விட்டிருந்தது.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். அறுபத்தொன்பது வயது. கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள, சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அவரும் மனைவி ஃப்ளோராவும் மட்டும்தான். சோறு வேகும்போது பத்து தடவை மூடியைத் திறந்து பார்ப்பார். ரயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் பிளாட்பாரத்தில் நிற்பார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் கேஜை, அதாவது ஆட்கள் இறங்கும் இரும்புக் கூண்டை, ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர். ஆட்களை அடைத்துக்கொண்டு கேஜ் இருட்டுக்குள் இறங்கும்போது மேலே எஞ்சின் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கண்ணில் தெரியாது. மணிச் சத்தத்தை எண்ண வேண்டும். எதிரே இருக்கும் முள் எந்த லெவலைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்ததுதான் அவர் உத்தியோகம். அங்கே மட்டும் அவரால் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடிந்தது. அந்த அசையாமையை எல்லாம் எஞ்சின் ரூமிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று ஃப்ளோரா சொல்வாள்.

சுரங்கம் மூடியபோது அவருக்கு நாற்பத்தைந்து. அதன்பிறகு பதினாலு வருஷம் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போய், ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் மகன் லாய்டும் மகள் நிக்கோலும் படித்தார்கள். லாய்ட் இப்போது மஸ்கட்டில் குளிர்சாதன மெக்கானிக். நிக்கோல் ஒயிட்ஃபீல்டில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அங்கேயே புருஷனோடு குடியிருக்கிறாள். டிவி லாய்டுடைய பணம். நாற்பத்து மூன்று இன்ச். இந்த வீட்டுக்கு அவன் வாங்கிக்கொடுத்த முதல் பெரிய சாமான் அதுதான்.

கரண்ட் போன செய்தியை ஏசுபாதம் முன்பே குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். 'நம்ம வீடு' என்று பெயர் வைத்த அந்த குரூப்பில் நாலே பேர்தான். பதினொரு மணிக்கு நிக்கோலின் நீண்ட மெசேஜ் வந்தது. பேசுகிற மாதிரியே தமிழில் அடித்திருந்தாள்.

"டாடி, மம்மி, கரண்ட் வந்ததும் இத்த ஒண்ணொண்ணா பண்ணுங்க. ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது. அவசரம் வாணாம்.

1. ரிமோட்ல பேட்டரி போட்டு, பவர் பட்டன அமுக்குங்க.

2. ஸ்கிரீன்ல ரிமோட் படம் வரும். எந்த ரெண்டு பட்டன காட்டுதோ அத்த சேர்த்து அமுக்கிப் புடிங்க. சேர்ந்துடிச்சின்னு சொல்ற வரைக்கும் கைய எடுக்காதீங்க.

3. மொழி லிஸ்ட் வரும். வட்டத்துல மேல கீழ போயி, நடுவுல கீற பட்டன அமுக்குங்க. இங்கிலீஷே போடுங்க. தமிழ் அப்புறம் மாத்திக்கலாம்.

4. நாடு இந்தியா.

5. போன் வச்சி செட்டப் பண்ணலாம்னு புள்ளிபுள்ளியா ஒரு கட்டம் காட்டும். அது வாணாம். டிவியிலயே பண்றேன்னு கீழ ஒண்ணு இருக்கும், அதுக்குப் போங்க.

6. வைஃபை. நம்ம பேரு லிஸ்ட்ல வரும். பாஸ்வேர்டு ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல கீது. பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்துப் போடுங்க. பெரிய எழுத்துக்கு மேல் பார்த்த அம்புக்குறிய அமுக்கணும்."

இப்படிப் பதினாலு வரை போனது. ஏழாவதில், அப்டேட் ஓடும், கால் மணி ஆனாலும் ஆஃப் பண்ண வேண்டாம் என்றிருந்தது. எட்டாவதில் ஃப்ளோராவின் ஜிமெயில் போடச் சொல்லியிருந்தாள்; போனில் 'நீங்கதானா' என்று கேட்கும், டிவியில் வரும் நம்பரையே போனிலும் தொட வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். பதினொன்றாவதில் வீடா கடையா என்று கேட்டால் வீடு என்று போட வேண்டும், கடை என்று போட்டால் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், வெளிச்சமும் கண்ணைக் குத்தும் என்றாள். கடைசியில் ஒரு வரி: "யாராவது போன் பண்ணி ஆக்டிவேஷன் காசு, ஓடிபின்னு கேட்டா கட் பண்ணிடுங்க. டிவி செட்டப்புக்கு காசே கெடையாது."

ஃப்ளோரா சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்குப் பூ கட்டப் போயிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு வருவாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஏசுபாதத்துக்கு ஒரு வேகம். போனில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். சில வாரமாக எழுத்து அவருக்குக் கொஞ்சம் குதித்துக்கொண்டுதான் இருந்தது. வலது கண்ணில் புரை. கண் கேம்ப்பில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தார். இடது கண் நல்ல கண். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், பேப்பரின் அச்சும் இப்போதெல்லாம் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டும் சுலபமாக முடிந்தன. மூன்றாவதில் மொழிப் பட்டியல் வந்தது. கறுப்புப் பின்னணியில் வரிசை வரிசையாகப் பெயர்கள், நடுநடுவே மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகள் நேராக இல்லை. இரண்டு ஓரத்திலும் சரியாக இருந்து, நடுவில் துணி காயப்போட்ட கயிறு மாதிரித் தொய்ந்திருந்தன. ஏசுபாதம் எழுந்து பக்கத்தில் போனார். தொய்வும் கூடவே வந்தது. தள்ளி நின்றார். அப்போதும் இருந்தது. சரி, முதலில் வேலையை முடிப்போம் என்று நாலையும் ஐந்தையும் தாண்டினார்.

ஆறாவதில் மாட்டிக்கொண்டார். ஸ்கிரீனின் பாதியை அடைத்துக்கொண்டு எழுத்துக் கட்டங்கள் வந்தன. நடுவில் இருந்த நாலைந்து கட்டம் ஒன்றோடொன்று நெருங்கி நசுங்கிக் கிடந்தன. ரவுட்டரைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் படித்து, எழுத்து எழுத்தாகப் போட்டார். பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி போட்டார். தப்பு. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே போட்டார். தப்பு.

எழுந்து கூடத்தில் நாலு தடவை நடந்தார். தண்ணீர் குடித்தார். டிவியின் கீழ் விளிம்பைப் பார்த்தார். அதுவும் வளைந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு முடிவு கிடைத்தது. இது பாஸ்வேர்டுப் பிரச்னை இல்லை. வண்டியில் வரும்போதோ மாட்டும்போதோ டிவி அழுத்தம் வாங்கி வளைந்திருக்கிறது. வளைந்த ஸ்கிரீனில் எழுத்து எப்படிச் சரியாக விழும்?

குரூப்பில் எழுதினார்: "டிவி சரியில்ல. நடுவுல வளைஞ்சி கீது. திருப்பி அனுப்பணும்."

மஸ்கட்டிலிருந்து உடனே பதில் வந்தது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான் லாய்ட். ஏசுபாதம் எடுத்து அனுப்பினார். அனுப்பும் முன் தானும் பார்த்தார். போட்டோவிலும் கோடு வளைந்துதான் இருந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் லாய்ட், எல்லாம் நேராகத்தானே இருக்கிறது என்று எழுதினான். நிக்கோலும் அதையே எழுதினாள். சனிக்கிழமையும் அவளுக்கு அரை நாள் வேலை. இடையில் நேரம் எடுத்து, பாஸ்வேர்டில் எந்த எழுத்து பெரியது எது சின்னது என்று திரும்பவும் விளக்கினாள்.

ஏசுபாதத்துக்குக் கோபம் வந்தது. அண்ணன் வாங்கிய சாமானைக் குறை சொல்லக் கூடாது என்று நிக்கோலும் சேர்ந்துகொண்டு பேசுகிறாள் என்று நினைத்தார். பத்து நாளைக்குள் திருப்பினால்தான் எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டை சாமானை என் தலையில் கட்டாதீர்கள் என்று குரலிலேயே பதிவு செய்து அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து லாய்டிடமிருந்து ஒரு வரி மட்டும் வந்தது.

"புடிக்கலன்னா திருப்பிடுங்க டாடி. பரவால்ல."

அதைப் படித்ததும் அவருக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. பையன் மனசு நோகிறது என்று தெரிந்தது. ஆனால் பொய்யாக நேராக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பன்னிரண்டரைக்கு ஃப்ளோரா வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து டிவி முன்னால் நிறுத்தினார்.

"இன்னாங்க, நல்லாத்தான கீது" என்றாள் அவள்.

"கீழ் ஓரத்த பாரு."

"பார்த்தேன். நேரா கீது."

"நீயும் அவுங்க கட்சியா?"

ஃப்ளோரா சமையலறைக்குப் போய்விட்டாள். காலையில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் அங்கிருந்து கேட்டாள்.

அவர் விடவில்லை. எஞ்சின் ரூமில் யாராவது முள்ளைச் சந்தேகப்பட்டால் பேச்சால் நிரூபிக்க மாட்டார்கள், அளந்து காட்டுவார்கள். ஃப்ளோராவின் தையல் டப்பாவைத் திறந்து வெள்ளை நூல்கண்டை எடுத்தார். நூலின் ஒரு நுனியை டிவியின் இடது மூலையில் டேப் போட்டு ஒட்டினார். மறு நுனியை வலது மூலைக்கு இழுத்து, விண்ணென்று நிற்கும்படி பிடித்துக்கொண்டார். இப்போது நூலுக்கும் விளிம்புக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். அதைப் போட்டோ எடுக்க ஃப்ளோராவைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார்.

இடைவெளி இல்லை. விளிம்பு எங்கே தொய்ந்திருந்ததோ, அதே இடத்தில் நூலும் தொய்ந்திருந்தது.

நூலை இன்னும் இழுத்தார். அறுந்துவிடும் என்கிற அளவுக்கு இழுத்தார். விரலில் நூல் வெட்டியது. நூல் அப்படியே தொய்ந்து நின்றது. இழுத்துக் கட்டிய நூல் வளையாது. அது அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் அது தெரியும்.

நூலை விடாமலேயே இடது கண்ணை மூடினார். வலது கண்ணில் எல்லாம் பாலில் நனைத்த துணி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தது. ஆனால் அந்த மங்கலுக்குள் நூல் நேராக ஓடியது. வலது கண்ணை மூடி இடதைத் திறந்தார். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. நூல் நடுவில் இறங்கி, மறுபடி ஏறியது.

நல்ல கண்தான் கெட்டுப்போயிருக்கிறது.

நூலைக் கழற்றிச் சுற்றி, டப்பாவில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பிளாட்பாரத்தின் விளிம்பு, தண்டவாளம், எலக்ட்ரிக் கம்பி — இதுவரை பார்த்தும் பாராமல் விட்ட எல்லா நேர்க்கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கண்ணை மூடுவார், மறு கண்ணை மூடுவார். எதிரே வந்த ஒருவர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துப் போனார். தண்டவாளம் தூரத்தில் ஓர் இடத்தில் பிசகியது. இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடுமோ? தூக்கமில்லாததால் இருக்குமோ? சர்க்கரையோ? சொன்னால் லாய்ட் வேலையை விட்டுவிட்டு டிக்கெட் எடுப்பான். நிக்கோல் அழுவாள். ஃப்ளோரா அழ மாட்டாள், ஆனால் இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். அது அழுவதைவிட மோசம். சொல்லாமல் விட்டால் என்ன? வலது கண் ஆபரேஷன் ஆகும்வரை தள்ளலாம்.

பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். சிக்னல் கம்பத்தைப் பார்த்தார். கேஜில் ஆட்கள் இறங்கும்போது தன் கண்ணுக்கு இது நடந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. முள் தப்பாகத் தெரிகிறது என்று தெரிந்தும் எஞ்சினை ஓட்டுகிறவனை அவரே அறைந்திருப்பார்.

வீட்டுக்கு வந்தார். ஃப்ளோரா தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து, போனை எடுத்து மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். இரண்டு பேருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

"லாய்ட், டிவி நல்லா கீது. வளைஞ்சது டிவி இல்ல. என் லெஃப்ட் கண்ணு. நூலு கட்டிப் பார்த்தேன், நூலும் வளையிது. உங்கம்மா இப்பதான் கேட்டுகினு கீறா. நான் சொன்னதுக்கு மனசுல வச்சிக்காத."

ஃப்ளோரா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணுக்குள் எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்தாள். வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். அவர் யோசித்து, பேப்பர் எழுத்து குதிக்க ஆரம்பித்து மூன்று வாரம் இருக்கும் என்றார்.

நிக்கோல் மெசேஜ் எழுதவில்லை, போன் செய்தாள். பெங்களூருவில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டாள். நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது, கண்ணின் பின்பக்கத்து விழித்திரையில் ஏதாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும், திங்கட்கிழமை முதல் ஆளாக வாருங்கள், அதற்குள் பார்வை சட்டென்று குறைந்தால் அந்த நிமிடமே வாருங்கள் என்று சொன்னார்களாம். குரல் நடுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில்தான், "ஆறாவது ஸ்டெப்பிலயே நான் யோசிச்சிருக்கணும் டாடி. நீங்க பாஸ்வேர்டு தப்பா போடுற ஆளே இல்ல" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மாலையும் ஞாயிறும் நகரவே இல்லை. பாதியில் விட்ட வேலை கண்ணை உறுத்தியதால், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நிக்கோலின் மெசேஜை ஃப்ளோரா வாய்விட்டுப் படித்தாள். ஸ்கிரீனைப் பார்த்து, வலது, இன்னும் ஒன்று வலது, கீழே என்று சொன்னாள். அவர் ரிமோட்டை அமுக்கினார். வைஃபை முதல் தடவையிலேயே சேர்ந்தது. அப்டேட் ஓடியபோது அவர் நாலு தடவை எழுந்து நடந்தார். ஃப்ளோராவின் போனில் மூன்று நம்பர் வந்தது. டிவியில் இருந்ததை அவள் தொட்டாள். வீடா கடையா என்று கேட்டபோது வீடு என்று போட்டார்கள். பதினாலாவது முடிந்து ஏதோ ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தபோது, இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. நாளைக்கு எந்த ரயில், பழைய கண்ணாடிச் சீட்டு எங்கே என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பெண்மணி படத்தைத் திருப்பிக் காட்டினார். வரிவரியாக இருந்த விழித்திரையில் ஓரிடத்தில் மேடு கட்டியிருந்தது. வயதாவதால் கண்ணின் பின்னால் வேண்டாத ரத்தக் குழாய் முளைத்துக் கசிகிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், முதல் மூன்றும் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் பார்த்துப் பார்த்து என்றார். மூன்று வாரத்தில் வந்ததால் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. மூன்று மாதம் விட்டிருந்தால் நடுப்பார்வை தழும்பாகிப் போயிருக்கும் என்றும் சொன்னார். கண்ணில் ஊசி என்றதும் எழுந்து நின்றுவிட்ட ஏசுபாதத்தை நிக்கோல் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு ஊசி போட்டதில் ஓர் அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது. நீங்கள் அசையாமல் படுத்திருந்ததுதான் நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் பாராட்டினார். அதைக் கேட்டு வெளியில் இருந்த ஃப்ளோரா, யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டாள்.

மூன்று ஊசி முடிந்தது. நடுவில் வலது கண் புரையும் எடுத்தாயிற்று. இடது கண்ணில் தொய்வு பாதிக்கு மேல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட ஒரு காகிதம் கொடுத்தார்கள், நடுவில் ஒரு புள்ளியோடு. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அந்தப் புள்ளியைத் தினம் பார்க்க வேண்டும்; புதிதாக வளைவு தெரிந்தால் உடனே வர வேண்டும். ஏசுபாதம் அதை அலமாரிக் கதவில் ஒட்டி, காலை ஏழு மணிக்குப் பார்த்து, குரூப்பில் எழுதுகிறார். ரைட் சுத்தம். லெஃப்ட் நாலு கட்டம் வளைவு, நேத்து மாதிரியே. அவ்வளவுதான் மெசேஜ். ஃப்ளோரா அவருக்குப் பின்னால் நின்று அவர் சரியான கண்ணை மூடுகிறாரா என்று பார்க்கிறாள். மஸ்கட்டில் லாய்ட் ஷிஃப்டுக்குப் போகும் வண்டியில் ஏறுவதற்குள் அந்த வரி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறான்.

ஒருநாள் ஏழரை ஆகியும் வரவில்லை. ஏழு நாற்பதுக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு போன், அது முடிவதற்குள் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒன்று. நிக்கோலின் போனை ஃப்ளோரா எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"மேகமா கீதும்மா" என்றார் ஏசுபாதம். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசினார். "வெளிச்சம் பத்தல. இன்னும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துட்டு எழுதுறேன்."

வைக்கவா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், பார்த்து முடிக்கும்வரை லைனிலேயே இருக்கிறேன் என்றாள் நிக்கோல்.